சீனி இல்லாத சொக்லேட்டும் ஒன்பது வார வயிற்றோட்டமும்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெள்ளவத்தையில் வசிப்பவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர், வயது 58. ஒன்பது ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. காலை உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் ஒவ்வொரு கிராம் மெட்போமின் எடுத்து வந்தார். நான்கு ஆண்டுகளாக இந்த அளவு மாறவில்லை, அதனால் வயிற்றுத் தொல்லை எதுவும் வந்ததுமில்லை. இரத்த அழுத்தத்துக்கு லொசார்டன். நவம்பரில் செய்த பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 7.3 சதவீதம். எடை 74.3 கிலோ. கிளினிக் அட்டையைப் பார்த்தால், ஒழுங்காக மருந்து எடுத்து, ஒழுங்காக வந்து போகிற ஒருவர்.

டிசம்பர் நடுப்பகுதியில் இலண்டனிலிருந்து மகள் விடுமுறைக்கு வந்தார். அப்பா பல ஆண்டுகளாக இனிப்பைத் தொடாமல் இருக்கிறார் என்ற வருத்தத்தில், நீரிழிவுக்காரருக்கென்று விற்கும் சீனி இல்லாத சொக்லேட் கட்டிகளையும் டொபிப் பொதிகளையும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். மேலட்டையில் பெரிய எழுத்தில் சீனி இல்லை என்று இருந்தது. வீட்டில் எல்லோரும் அதை "கலோரியே இல்லை, எவ்வளவும் சாப்பிடலாம்" என்று எடுத்துக்கொண்டார்கள். மாலைத் தேநீரோடு அரைக் கட்டி சொக்லேட், பகலில் கடைத்தெருவுக்குப் போகும்போதும் பேப்பர் வாசிக்கும்போதும் டொபிகள் என்று வழக்கமாயிற்று. மகள் திரும்பிப் போன பின்னும் அது நிற்கவில்லை. கொண்டுவந்தவை தீர்ந்ததும் கொழும்பிலேயே ஒரு பல்பொருள் அங்காடியில் அதே வகையைத் தேடி வாங்கினார்.

என்னிடம் வருவதற்கு முன் நடந்தவை

டிசம்பர் கடைசி வாரத்தில் வயிறு உப்பத் தொடங்கியது. மாலை ஆறு மணிக்குமேல் வயிற்றில் இரைச்சல், காற்று, பிறகு தண்ணீராக இரண்டு மூன்று தடவை போதல். கிறிஸ்மஸ் கால விருந்துகளில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைத்தார்கள். ஜனவரியில் குடும்ப வைத்தியர் மலப் பரிசோதனை செய்வித்தார். கிருமியோ புழுவோ இல்லை. ஒட்டுண்ணி இருந்து அகப்படாமல் போயிருக்கலாம் என்று மெட்ரோனிடசோல் ஐந்து நாட்களுக்குக் கொடுக்கப்பட்டது. பயன் இல்லை. ஜீவனி கரைத்துக் குடித்தார். பால் தேநீரை விட்டுப் பிளேன்டீக்கு மாறினார். அதற்கும் மாற்றம் இல்லை.

ஜனவரி நடுவில், இதே நோயுள்ள ஒரு நண்பர் "மெட்போமின்தான் வயிற்றைக் கெடுக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. மெட்போமின் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் பலருக்கு வயிற்றோட்டம் வருவது உண்மை. அதை நம்பி இவர் யாரையும் கேட்காமல் காலை மாத்திரையை நிறுத்திவிட்டார். வயிற்றோட்டம் நிற்கவில்லை, சீனி ஏறியது. பெப்ரவரி இறுதியில் எச்பிஏ1சி 8.2 சதவீதம். பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்வதா என்று நிபுணர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏறிய சீனிக்காக உணவு ஆலோசனைக்கென்று என்னிடம் அனுப்பப்பட்டார்.

முதல் சந்திப்பில் கண்டவை

எடை 76.1 கிலோ. இந்த ஒரு எண்ணே என்னை நிறுத்தியது. ஒன்பது வாரமாக வயிறு போகிறவர் மெலிந்திருக்க வேண்டும். இவரோ ஏறக்குறைய இரண்டு கிலோ கூடியிருந்தார். குடலில் வீக்கமோ உறிஞ்சும் தன்மையில் பெரிய கோளாறோ இருந்தால் இப்படி ஆவது அரிது.

இரத்தம் போகவில்லை. காய்ச்சல் இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு இரவில் போவதில்லை. இரத்தசோகை இல்லை, தைரொயிட் சரி, மலத்தில் மறைவான இரத்தமும் இல்லை. வயிற்றோட்டத்தோடு லொசார்டனும் மெட்போமினும் எடுப்பவர் என்பதால் நிபுணர் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்திருந்தார்; இரண்டும் அளவோடு இருந்தன.

உணவு விவரத்தைக் கேட்டபோது இடியப்பம், சோறு, கீரை, மீன் என்று ஒழுங்காகச் சொன்னார். இனிப்பு உண்டா என்று கேட்டதற்கு "இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சீனி இல்லாதது அவர் கணக்கில் இனிப்பே அல்ல.

திருப்பம் மனைவியிடமிருந்து வந்தது. "வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இவருக்கு ஒன்றுமில்லை, மிஸ். மச்சம் சாப்பிடாததால்தான் என்று நினைக்கிறேன். மீனை நிறுத்திப் பார்க்கலாமா?"

வெள்ளிக்கிழமை இவருக்கு விரதம். மதியம் ஒருவேளைச் சைவச் சாப்பாடு, இரவில் பாலும் பழமும். மீன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அன்று வேறு என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனபோது, மாலைத் தேநீரோடு சொக்லேட்டும் பகலில் டொபியும் அன்று இல்லை என்பது வெளியே வந்தது. இன்னொன்றையும் அப்போதே குறித்துக்கொண்டேன்: இரவு மெட்போமின் வெள்ளிக்கிழமையும் தவறாமல் எடுக்கப்பட்டது. இரவில் பாலும் குடிக்கிறார். மெட்போமினோ பாலோ காரணமாக இருந்தால் வெள்ளியும் மற்ற நாட்களைப் போலவே இருந்திருக்கும்.

பேச்சோடு பேச்சாக மனைவி சொன்ன மற்றொரு செய்தியும் இதோடு பொருந்தியது. ஜனவரியில் ஏழு வயதுப் பேரன் ஒரு கை நிறைய அந்த டொபிகளைத் தின்றுவிட்டு அன்று மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். குழந்தையின் உடல் சிறியது. பெரியவர் தாங்கும் அளவு அவனுக்கு அதிகம்.

மேலட்டைகள் சொன்னது

ஒரு வாரத்துக்கு நேரம் குறித்து உணவுக் குறிப்பு எழுதும்படியும், எல்லா இனிப்புகளின் உறைகளையும் எறியாமல் கொண்டுவரும்படியும் கேட்டேன். சொக்லேட் உறையின் பின்புறத்தைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. 100 கிராமில் 480 கலோரி; கொழுப்பு 36 கிராம்; சீனி 1 கிராமுக்கும் குறைவு; அதற்கு அடுத்த வரியில், சீனிக்குப் பதிலாக இனிப்பூட்டச் சேர்க்கும் பொலியோல் 42 கிராம். பொருட்பட்டியலில் முதலாவதாக மால்டிட்டோல் இருந்தது. அடியில், அதிகம் உண்டால் மலமிளக்கும் விளைவு ஏற்படலாம் என்ற எச்சரிக்கை, உறையின் மடிப்புக்குள் பாதி மறைந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் சேர்க்கப்பட்ட பொலியோல் 10 சதவீதத்துக்கு மேற்பட்டால் இந்த வாசகம் கட்டாயம். டொபியில் கிட்டத்தட்ட முழுவதுமே ஐசோமால்ட்.

பொலியோல் என்பதும் சுகர் அல்கஹோல் என்பதும் ஒன்றே. மதுவோடு அதற்குத் தொடர்பில்லை. சோர்பிட்டோல், மனிட்டோல், மால்டிட்டோல், ஐசோமால்ட், லாக்டிட்டோல், சைலிட்டோல், எரித்ரிட்டோல் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிலவேளை பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கும்: 420, 421, 953, 965, 966, 967, 968. இவற்றில் 420 சோர்பிட்டோல், 953 ஐசோமால்ட், 965 மால்டிட்டோல்.

இவரின் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அரைக் கட்டி சொக்லேட் 50 கிராம். அதில் மால்டிட்டோல் 21 கிராம். 3 கிராம் எடையுள்ள டொபிகள் ஆறு. அவற்றில் ஐசோமால்ட் சுமார் 17 கிராம். ஆக, நாளொன்றுக்கு 38 கிராம் பொலியோல். சோர்பிட்டோலில் 10 கிராமே சிலருக்கு வயிற்றை உப்பச் செய்யும். 20 கிராமுக்கு மேல் போனால் பலருக்கு வயிற்றோட்டம் வரும். மால்டிட்டோலும் ஐசோமால்ட்டும் அதைவிடச் சற்று மென்மையானவை, ஆனால் 38 கிராம் சிறிய அளவு அல்ல.

கலோரிப் பக்கம் இன்னும் தெளிவானது. சீனி கிராமுக்கு 4 கலோரி தருகிறது. பொலியோலுக்கு ஐரோப்பிய மேலட்டைகள் பொதுவாக 2.4 என்று கணக்கிடுகின்றன. எரித்ரிட்டோலுக்கு மட்டும் சுழியம். ஆனால் சொக்லேட்டின் கலோரியில் பெரும்பகுதி சீனியிலிருந்து வருவதல்ல. 36 கிராம் கொழுப்பே 324 கலோரி. மால்டிட்டோலிலிருந்து வருவது 101. மீதி புரதமும் கொக்கோவின் மாச்சத்தும் நாரும். கொழுப்பில் யாரும் கை வைக்கவில்லை. சாதாரண சொக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 540 கலோரி என்று கொண்டால், அரைக் கட்டிக்கு இவர் மிச்சம் பிடித்தது 30 கலோரி.

அந்த 30 கூட உண்மையான மிச்சம் அல்ல. முன்பு மாலைத் தேநீரோடு இவர் எடுத்தது இரண்டு கிறீம் கிறக்கர் மட்டும்; இப்போது அதற்கு மேலாக 240 கலோரி சொக்லேட்டும் 40 கலோரி டொபியும் சேர்ந்தன. 280 கலோரி என்பது 200 கிராம் சோற்றைவிடக் கூடுதல். வெள்ளி தவிர்ந்த நாட்களில் ஒன்பது வாரம் என்றால் சுமார் 15,000 கலோரி. கூடிய எடைக்கு இது போதுமான விளக்கம்.

ஏன் இப்படி நடக்கிறது

தம்பதிக்கு நான் விளக்கியதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். இந்த ஒன்று புரிந்தால் கலோரியும் வயிறும் தனித்தனிக் கேள்விகள் அல்ல என்பது புரியும்.

சாதாரணச் சீனியைச் சிறுகுடலின் நொதி உடைத்தவுடன், அதை உள்ளே எடுப்பதற்கென்றே குடற்சுவரில் இருக்கும் கடத்திகள் விரைவாக உறிஞ்சிவிடுகின்றன. பொலியோல்களுக்கு அப்படி வேகமான வழி இல்லை. அவை குடற்சுவரினூடாக மெல்லக் கசிந்துதான் உள்ளே போக வேண்டும். மால்டிட்டோல் முதலில் குளுக்கோஸாகவும் சோர்பிட்டோலாகவும் உடைகிறது, அதுவும் முழுதாக அல்ல. பிரிந்த குளுக்கோஸ் இரத்தத்துக்குப் போகிறது. சோர்பிட்டோலில் பெரும்பகுதியும் உடையாத மால்டிட்டோலும் குடலிலேயே நின்றுவிடுகின்றன.

நின்றுவிட்டது சும்மா இருப்பதில்லை. கரைந்த நிலையில் உள்ள அந்தச் சிறு மூலக்கூறுகள் தம்மைச் சுற்றித் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீரோடு அவை பெருங்குடலுக்கு வந்து சேரும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கச் செய்கின்றன. ஹைட்ரஜன், காபனீரொட்சைட்டு, சிலரில் மீத்தேன் எனக் காற்று உண்டாகிறது. உப்பலும் இரைச்சலும் அதனால்தான். கூடவே குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களும் உண்டாகின்றன. அவற்றைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்கிறது, உடலுக்குச் சக்தி கிடைக்கிறது. சிறுகுடலில் தப்பியதிலிருந்தும் இப்படிக் கொஞ்சம் கலோரி திரும்பி வருவதால்தான் பொலியோலின் எண் சுழியத்துக்கு இறங்காமல் 2.4-இல் நிற்கிறது. நுண்ணுயிர்கள் கையாளக்கூடியதைவிட அதிகம் வந்து சேர்ந்தால், மிச்சம் தண்ணீரைப் பிடித்தபடியே வெளியேறும்.

ஆகவே, சீனியைவிடக் குறைவாகக் கிடைக்கும் கலோரிக்கும் கெட்டுப்போகும் வயிற்றுக்கும் மூலம் ஒன்றே: உறிஞ்சப்படாமல் போன பகுதி. எரித்ரிட்டோல் இதற்கு விலக்கு, விலக்காக இருப்பதற்கும் காரணம் உண்டு. அதன் மூலக்கூறு சிறியது. பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு, உடலில் எரிக்கப்படாமல் சிறுநீரோடு போய்விடுகிறது. அதனால் கலோரி ஏறக்குறைய இல்லை, பெருங்குடலுக்கும் அதிகம் போய்ச் சேர்வதில்லை. மிகுதியாக எடுத்தால் அதுவும் வயிற்றைக் கலக்கும்.

இதே வகை வயிற்றோட்டம் சோர்பிட்டோல் கலந்த சுவிங்கத்தாலும் வரும். 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், நாள்தோறும் 20 முதல் 30 கிராம் சோர்பிட்டோல் எடுத்துவந்த இருவரின் நிலை பதிவாகியிருக்கிறது. நீண்ட பரிசோதனைகளுக்குப் பிறகே காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்கள் இருவரும் கடுமையாக எடை இழந்திருந்தார்கள். இவர் எடை கூடியதற்குக் காரணம், சொக்லேட்டில் பொலியோலோடு வந்த கொழுப்பு. அதனால் எடை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை மட்டும் வைத்து பொலியோலைச் சந்தேகிக்கவோ விடுவிக்கவோ முடியாது.

எடுத்த முடிவுகள்

நிபுணரோடு பேசி, இரண்டு வாரம் பொலியோல் எதுவும் இல்லாமல் பார்ப்பது என்று முடிவாயிற்று. வயது 58; மலம் கழிக்கும் முறை பல வாரமாக மாறியிருக்கிறது. இதைச் சொக்லேட்டின் தலையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. எனவே இரண்டு வாரத்தில் முழுதாக நிற்காவிட்டால், அல்லது இடையில் இரத்தமோ எடைக் குறைவோ கண்டால், உள்நோக்கிப் பரிசோதனை உடனே செய்யப்படும் என்பதும் அப்போதே தீர்மானமாயிற்று.

அந்த இரண்டு வாரமும் மெட்போமினின் அளவை மாற்றவில்லை. சீனி ஏறியிருந்ததால் காலை மாத்திரையை உடனே தொடங்கும் எண்ணம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் ஒன்றை நிறுத்தி அதே வேளையில் மற்றொன்றைத் தொடங்கினால், எது எதைச் செய்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது. இரண்டு வாரம் பொறுப்பதில் பெரிய ஆபத்து இல்லை என்று நிபுணர் கருதினார். மீன், பால், காரம் எதையும் நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னோம்.

தொடர்ந்து நடந்தவை

மூன்றாம் நாள் தண்ணீராகப் போவது நின்றது. உப்பல் தணிய மேலும் சில நாள் பிடித்தது. இரண்டாம் வார முடிவில் மீனும் பாலும் வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டு, வாரத்தின் ஏழு நாளும் வெள்ளிக்கிழமை போல இருந்தன. அதன்பின் காலை மெட்போமின் உணவோடு அரைக் கிராமாகத் தொடங்கி, இரு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவரப்பட்டது. வயிறு அசையவில்லை.

நாம் திட்டமிடாத ஒரு சோதனையும் நடந்தது. மார்ச் இறுதியில் தடிமனும் இருமலும் வந்து, நீரிழிவுக்காரர் என்று சொல்லி மருந்தகத்தில் சீனி இல்லாத இருமல் பாணி வாங்கியிருக்கிறார். மறுநாளே பழைய இரைச்சலும் இளகிய மலமும் திரும்பின. இம்முறை மனைவியே போத்தலைத் திருப்பிப் பார்த்து, சோர்பிட்டோல் என்று இருப்பதைக் கண்டு தொலைபேசியில் சொன்னார். பாணியை நிறுத்தியதும் ஒரு நாளில் சரியாயிற்று.

ஏப்ரலில், அவர் விருப்பத்தோடு, திட்டமிட்ட சோதனை ஒன்று செய்தோம். முதலில் இரண்டு சதுரம், அதாவது 20 கிராம் சொக்லேட். மால்டிட்டோல் சுமார் 8 கிராம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து அரைக் கட்டி. உண்பதற்கு முன் விரல் நுனி இரத்தத்தில் சீனி 134. ஒரு மணி நேரத்தில் 168. மாலை ஏழு மணிக்கு இரைச்சல், ஒன்பதுக்கு இரண்டு தடவை போனார். கருவியில் அந்த 168-ஐப் பார்த்தபோதுதான் அவர் முகம் மாறியது. வயிற்றைக் கெடுக்கும் என்பதை முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்; இரத்தச் சீனியையும் ஏற்றும் என்பதை என் வாய்ச்சொல்லால் நம்பியிருக்கவில்லை.

மே இறுதியில் எச்பிஏ1சி 7.5, எடை 74.8. உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படவில்லை. எச்பிஏ1சி ஏறியதில் சொக்லேட்டின் பங்கு எவ்வளவு, நிறுத்திய மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று இந்த நிகழ்விலிருந்து பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை. பெரிய பங்கு மாத்திரையுடையது என்பது என் கருத்து.

இப்போது வாரத்தில் இரண்டு நாள், இரண்டு சதுரம் சாதாரணக் கறுப்புச் சொக்லேட், அன்றைய கிறீம் கிறக்கருக்குப் பதிலாக. சீனி உள்ளது என்று தெரிந்து உண்பதால் இரண்டோடு நிறுத்துகிறார். பனங்கட்டிக்கு மாறலாமா என்று கேட்டார். அதுவும் சீனிக் கணக்கில்தான் வரும் என்று சொன்னேன்.

மாற்றிக்கொண்டவை

எங்கள் முதற்சந்திப்புப் படிவத்தில் இனிப்பு உண்டா என்ற ஒரே கேள்வி மூன்றாகியிருக்கிறது. சீனி உள்ள இனிப்பு எவ்வளவு. சீனி இல்லாதது, நீரிழிவுக்காரருக்கானது என்று வாங்கிய சொக்லேட், பிஸ்கட், டொபி, சுவிங்கம் எவ்வளவு. பாணி மருந்துகள் ஏதேனும் உண்டா. வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து போகும் டிசம்பரிலும் ஆகஸ்டிலும் இரண்டாவது கேள்வியை வாயாலும் கேட்கிறோம்.

மெட்போமினை நீண்ட காலம் தொல்லையின்றி எடுத்துவந்த ஒருவருக்குப் புதிதாக வயிற்றோட்டம் வந்தால், மருந்தைக் குறைப்பதற்கு முன் உறைகளையும் போத்தல்களையும் கொண்டுவரச் சொல்லும்படி எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் வைத்தியர்களிடம் கேட்டிருக்கிறோம். உறையில் பார்க்க வேண்டியவை இரண்டு வரிகள்: 100 கிராமுக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் பொலியோல். முன்பக்கத்தில் எழுதியிருப்பது இந்த இரண்டுக்கும் விடை தருவதில்லை. பொலியோல் அளவு தனியாக எழுதப்படாத இடத்தில், பொருட்பட்டியலின் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் 420 அல்லது 965 போன்ற எண் நின்றால், ஒரு நாளைக்கு இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறோம். பிள்ளைகளுக்கு அந்த இரண்டும் வேண்டாம்.